ஓடுகிற மெயில் தொடரில் புதியவரைச் சேர்ப்பது: சிசியா, ஃபார்வர்டா, புது மெயிலா?

ஒரு வாடிக்கையாளர் பழைய பில்லிங் மென்பொருளை விட்டுப் புதியதற்கு மாறினார். பழைய பில்களை எல்லாம் புதியதில் கொண்டுவந்து சேர்க்கும் வேலை எங்களுடையது. 19 நாளில் 27 மெயில் ஓடியிருந்தது. இரண்டு தரப்பிலும் சேர்த்து ஆறு பேர். அந்த நிலையில் ஒரே வாரத்தில் இரண்டு பேரைப் புதிதாகச் சேர்க்க வேண்டி வந்தது. ஒருவர் எங்கள் அலுவலகத் தரவுத்தள நிர்வாகி. இன்னொருவர் பழைய மென்பொருளை விற்ற நிறுவனத்தின் பொறியாளர்.

இரண்டு பேருக்கும் ஒரே வழி பொருந்தவில்லை. முதலாமவரைச் சேர்த்ததில் நான் ஒரு தவறு செய்தேன், அது மறுநாளே சரியானது. அதே வழியில் இரண்டாமவரையும் சேர்த்திருந்தால் அதைச் சரிசெய்யவே முடிந்திருக்காது. அதனால் அந்த ஒரு தொடரை வைத்தே, கையில் இருக்கும் நான்கு வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்: ரிப்ளை ஆல் கொடுத்து ஒரு வரியோடு சேர்ப்பது, ரிப்ளை ஆல் கொடுத்து அறிமுகமும் சுருக்கமும் எழுதிச் சேர்ப்பது, தனியாக ஃபார்வர்ட் செய்வது, புது மெயிலாகத் தொடங்குவது.

“சேர்த்திருக்கிறேன், கீழே பார்க்கவும்”

எல்லாரும் செய்வது இதைத்தான். கடைசி மெயிலைத் திறந்து, ரிப்ளை ஆல் அழுத்தி, புதியவரின் முகவரியைப் போட்டு, ஒரு வரி. அரை நிமிட வேலை. நானும் தரவுத்தள நிர்வாகியை 28-ஆவது மெயிலில் இப்படித்தான் சேர்த்தேன். நடந்தது எல்லாம் கீழேதானே இருக்கிறது, படித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

அவர் படித்தார். மாலை முழுக்க உட்கார்ந்து படித்துவிட்டு, 29-ஆவது மெயிலில் எல்லார் முன்னிலையிலும் கேட்டார்: “இரண்டு கிளைகளிலும் ஒரே பில் எண்கள் வருகின்றன. ஒரு கிளையின் எண்களை மாற்றிவிடலாமா?” வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவுத் தலைவி உடனே பதில் எழுதினார்: “சார், இதைப் போன வாரமே பேசி முடித்துவிட்டோமே. எண்கள் மாறக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன்.” குரலில் கோபம் இல்லை, ஆனால் களைப்பு இருந்தது. எங்களுக்குள் நாங்கள் பேசிக்கொள்வதே இல்லை என்று அவர் நினைத்திருப்பார். அப்படி நினைக்க அவருக்கு எல்லா நியாயமும் உண்டு.

தரவுத்தள நிர்வாகி சரியாகப் படிக்கவில்லை என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. போய்ப் பார்த்தால், அந்த முடிவு அவருக்கு அனுப்பியதில் இல்லவே இல்லை.

காரணம் இது. 14-ஆவது மெயிலுக்கு இரண்டு பேர் தனித்தனியாகப் பதில் எழுதியிருந்தார்கள். ஒருவர் எந்தத் தேதியில் மாறுவது என்று கேட்டார், இன்னொருவர் பில் எண்களைப் பற்றிக் கேட்டார். தொடர் அங்கே இரண்டாகப் பிரிந்துவிட்டது. எண்களைப் பற்றிய பேச்சு 18-ஆவது மெயிலில் முடிவோடு நின்றது. தேதியைப் பற்றிய பேச்சு 27 வரை நீண்டது. நான் 27-க்கு ரிப்ளை செய்தேன். ஒரு மெயிலின் அடியில் தொங்குவது அது எந்த மெயிலுக்குப் பதிலோ அது, அதற்கு முந்தியது என்று ஒரே நேர்கோட்டில் வரும் சங்கிலி மட்டும்தான். பக்கத்தில் பிரிந்துபோன கிளை அதில் வராது. என் பெட்டியில் 27 மெயிலும் ஒரே உரையாடலாக அடுக்கித் தெரிவதால், அவருக்கும் அப்படியே போய்ச் சேரும் என்று நம்பிவிட்டேன்.

உண்மையில் அவருடைய பெட்டிக்குப் போனது ஒரே ஒரு மெயில், நீண்ட வாலோடு. மெயில் செயலிகள் `In-Reply-To`, `References` என்ற தலைப்புக் குறிப்புகளை வைத்து மெயில்களைக் கோத்துக் காட்டும். ஆனால் கோப்பதற்கு அந்த மெயில்கள் பெட்டியில் இருக்க வேண்டுமே? பழைய 27-இல் ஒன்றுகூட அவரிடம் இல்லை. அனுப்பியவர் பெயரை வைத்தோ தேதியை வைத்தோ அவரால் அவற்றைத் தனித்தனியாகத் தேடி எடுக்க முடியாது. அந்த வாலைக் கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டு வர வேண்டியதுதான்.

அட்டாச்மென்டும் அப்படித்தான். ரிப்ளை செய்யும்போது பழைய மெயிலில் இணைத்திருந்த கோப்புகள் கூட வருவதில்லை. 11-ஆவது மெயிலில் இருந்த சோதனைக் கோப்புதான் அவருக்கு முதலில் தேவைப்பட்டது. “இணைப்பைப் பார்க்கவும்” என்ற வரி கீழே இருந்தது, இணைப்பு இல்லை. பகிர்ந்த கோப்பின் லிங்க் என்றாலும் கதை அதேதான்: லிங்க் போய்ச் சேரும், திறக்கும் அனுமதி போகாது.

ஆக, இந்த வழி எப்போது போதும்? தொடர் மூன்று நான்கு மெயிலுக்குள் இருந்து, கிளை பிரியாமல், புதியவரிடம் கேட்பது ஒரே கேள்வியாக இருந்தால் போதும். அப்போதும் அந்த ஒரு வரியில் “கீழே பார்க்கவும்” என்று எழுதாமல் அந்தக் கேள்வியையே எழுதிவிடுவது நல்லது.

அறிமுகமும் சுருக்கமும் எழுதிச் சேர்ப்பது

மறுநாள் காலை நான் செய்தது இதை. முதலிலேயே செய்திருக்க வேண்டியது. எழுத இருபத்தைந்து நிமிடம் ஆனது, அதில் பாதி பழைய மெயில்களைத் திரும்பப் பார்த்ததற்கு. பெயர்களை எடுத்துவிட்டு அந்த மெயிலை அப்படியே தருகிறேன்:

> அனைவருக்கும் வணக்கம்.
>
> நேற்று இந்தத் தொடரில் சேர்ந்தவர் எங்கள் தரவுத்தள நிர்வாகி. பில் தரவை மாற்றும் வேலையை இனி அவர் பார்ப்பார். உங்கள் தரப்புக் கேள்விகளுக்கு முன்போலவே நான்தான் பதில் சொல்வேன்.
>
> அவருக்காக, இதுவரை நடந்ததன் சுருக்கம். நான் எங்காவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள்.
>
> முடிவானவை: பழைய பில் எண்கள் மாறாது. எண்ணுக்கு முன்னால் கிளையைக் குறிக்கும் ஓர் எழுத்து சேரும் (12-ஆம் தேதி மெயில்). புதிய மென்பொருளில் பில் போடுவது அடுத்த மாதம் 3-ஆம் தேதி தொடங்கும்.
>
> முடிவாகாதது: ரத்தான பில்களையும் மாற்றுவதா, விட்டுவிடுவதா. கணக்குப் பிரிவு சொல்ல வேண்டும்.
>
> தரவுத்தள நிர்வாகியிடம் கேட்பது: சோதனைக் கோப்பில் உள்ள 1,840 பில்களில் 212 எண்கள் இரண்டு முறை வருகின்றன. எழுத்தைச் சேர்த்த பிறகு எதுவும் மோதவில்லை என்று பார்த்து, வியாழன் மாலைக்குள் இங்கேயே சொல்லவும்.
>
> சோதனைக் கோப்பை மீண்டும் இணைத்திருக்கிறேன். இனி இந்த மெயிலுக்கே ரிப்ளை ஆல் செய்யுங்கள்.

இதில் அறிமுகம் மூன்று வரிதான். அவருடைய அனுபவம், படிப்பு, பாராட்டு எதுவும் இல்லை. ஏற்கெனவே தொடரில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டியது, இவர் எந்த வேலைக்கு வந்திருக்கிறார், யாருடைய இடத்துக்கு வந்திருக்கிறார் என்பது. “முன்போலவே நான்தான் பதில் சொல்வேன்” என்ற வரியை நான் முக்கியமாக நினைக்கிறேன். புதியவர் வந்ததும் பழையவர் விலகுகிறாரா, இல்லை இரண்டு பேரும் இருப்பார்களா என்று மற்றவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் விட்டால் அடுத்த கேள்வி இரண்டு பேருக்கும் வரும், அவர் சொல்வார் என்று நானும் நான் சொல்வேன் என்று அவரும் விட்டுவிடுவோம்.

சுருக்கத்தில் நடந்த கதையை நாள்வாரியாகச் சொல்லவில்லை. யார் என்ன கேட்டார், யார் மறுத்தார் என்பதெல்லாம் புதியவருக்குச் சுமை. எது முடிந்தது, எது முடியவில்லை, உங்களிடம் என்ன வேண்டும் என்ற மூன்று மட்டும் போதும். முடிவுக்குப் பக்கத்தில் அந்த மெயிலின் தேதியைப் போட்டிருக்கிறேன் பாருங்கள், அது நம்பாதவர் போய்ப் பார்த்துக்கொள்வதற்கு. 18-ஆவது மெயில் தொடரிலிருந்து பிரிந்துபோன கிளையில் இருந்ததால், அதை மட்டும் தனியாக அவருக்கு ஃபார்வர்ட் செய்தேன்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்தச் சுருக்கத்தை ஏழு பேர் படிக்கிறார்கள். “உங்கள் பக்கம் தாமதமானதால்” என்று ஒரு சொல் நுழைந்தால் போதும், அடுத்த பத்து மெயில் அதைப் பற்றித்தான் இருக்கும். யார் மேல் தவறு என்பது சுருக்கத்தில் வரவே கூடாது.

அப்புறம்தான் நான் எதிர்பார்க்காத நன்மை வந்தது. கணக்குப் பிரிவுத் தலைவி பத்து நிமிடத்தில் எழுதினார்: “சார், 3-ஆம் தேதி இல்லை, 1-ஆம் தேதி. மாதத்தின் முதல் பில்லே புதிய மென்பொருளில் போட வேண்டும் என்று பேசினோம்.” தேடிப் பார்த்தேன். ஒரு மெயிலில் 3 என்று இருந்தது, பிறகு தொலைபேசியில் பேசி 1 என்று மாற்றியிருந்தோம், யாரும் அதை எழுதி வைக்கவில்லை. எங்கள் ஆட்கள் எல்லாரும் 3 என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். புதியவருக்காக எழுதிய சுருக்கம் பழையவர்கள் ஆறு பேரின் புரிதலையும் சரிபார்த்துவிட்டது. எல்லார் முன்னிலையிலும் எழுதினால்தான் இது நடக்கும். தனியாக எழுதிக் கொடுத்திருந்தால் தவறான தேதியோடுதான் அவர் வேலையைத் தொடங்கியிருப்பார்.

இந்த வழிக்கும் ஓட்டை உண்டு. இரண்டு நாள் கழித்து எங்கள் குழுவிலேயே ஒருவர் 26-ஆவது மெயிலைத் திறந்து ரிப்ளை ஆல் கொடுத்துவிட்டார். அந்த மெயில் போனபோது புதியவர் பட்டியலில் இல்லை, அதனால் அவருக்கு வரவில்லை. மற்ற எல்லார் பெட்டியிலும் அது அதே தொடரில் வந்து உட்கார்ந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. புதியவர் சேர்ந்த முதல் வாரம், வருகிற ஒவ்வொரு மெயிலின் பெறுநர் பட்டியலையும் சேர்த்தவர்தான் ஒரு பார்வை பார்க்க வேண்டும். விடுபட்டால் அந்த மெயிலிலேயே அவரைத் திரும்பச் சேர்த்து, “இவருக்குப் போகவில்லை” என்று ஒரு வரி.

தனியாக ஃபார்வர்ட்

இது சேர்ப்பதே இல்லை, தயார் செய்வது. ஃபார்வர்ட் செய்தால் அந்த மெயிலின் அட்டாச்மென்ட் கூடவே போகும், ரிப்ளையைவிட இது ஒன்று மேல். ஆனால் அந்த ஒரு மெயிலின் அட்டாச்மென்ட் மட்டும்தான். 27-ஐ ஃபார்வர்ட் செய்தால் 11-இல் இருந்த கோப்பு வராது. ஜிமெயிலை உலாவியில் பயன்படுத்தினால், உரையாடலின் மேலே உள்ள மெனுவில் `Forward all` இருக்கிறது. தொடர் முழுவதையும் ஒரே மெயிலாக அனுப்ப அது உதவும்.

புதியவர் பதில் எழுதினால் அனுப்பியவருக்கு மட்டும் வரும். அவர் சங்கோசப்படாமல் கேள்வி கேட்கலாம். “இது புரியவில்லை, இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்” என்பதை வாடிக்கையாளர் முன்னால் கேட்க யாருக்கும் தயக்கம் இருக்கும். தரவுத்தள நிர்வாகிக்கு நான் முதல் நாளே இப்படி அனுப்பி, “நாளை உங்களைச் சேர்க்கப் போகிறேன், அதற்கு முன் என்னிடம் கேட்டுவிடுங்கள்” என்று சொல்லியிருந்தால் 29-ஆவது மெயில் வந்திருக்காது.

ஃபார்வர்டோடு நிறுத்திவிட்டால்தான் சிக்கல். புதியவர் வேலை செய்கிறார் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. அவர் கேள்வியை நான் கொண்டுபோய், பதிலை நான் கொண்டுவந்து, நடுவில் நிற்கும் ஆளாகிவிடுவேன். நான் விடுப்பில் போனால் எல்லாம் நின்றுவிடும். ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அந்த ஆள் தொடரில் இருக்கத் தேவையில்லை என்றால் ஃபார்வர்ட் போதும்.

பிசிசி-யில் போடுவதைச் சிலர் இதற்கு மாற்றாகச் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. அவர் அறியாமல் ரிப்ளை ஆல் அழுத்தினால், இத்தனை நாள் ஒருவர் மறைந்திருந்து படித்தார் என்பது அந்த நொடியில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அறிமுகம் செய்துவைத்தவர் தான் விலகிக்கொள்ளத் தன்னை பிசிசி-க்கு மாற்றிக்கொள்வது வேறு. அதை மெயிலிலேயே சொல்லிவிட்டுச் செய்தால் அது நல்ல பழக்கம்.

புது மெயில்

இப்போது இரண்டாமவர். பழைய மென்பொருளிலிருந்து எடுத்த கோப்பில், ஒவ்வொரு பில்லுக்கும் நிலையைக் குறிக்கும் ஒரு பத்தி உண்டு. அதில் 0, 1, 2 என்று வந்தன, 37 பில்களில் மட்டும் 9 என்று வந்தது. 9 என்றால் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. அதை விற்ற நிறுவனத்தின் பொறியாளரைத்தான் கேட்க வேண்டும். வேலை அவசரம், முகவரி கையில் இருக்கிறது, ரிப்ளை ஆல் அழுத்திச் சேர்த்துவிடலாம் என்று கை போனது.

கீழே இறங்கிப் படித்தேன். 4-ஆவது மெயிலில் வாடிக்கையாளர் எழுதியிருந்தார்: அந்த நிறுவனத்துடன் ஆண்டு ஒப்பந்தத்தை இந்த முறை புதுப்பிக்கப் போவதில்லை, இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை. அந்த வரி 28 வரைக்கும் ஒவ்வொரு மெயிலின் வாலிலும் தொங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஜிமெயிலில் பழைய பகுதி மூன்று புள்ளிக்குள் மடங்கி இருப்பதால், எழுதும்போது கண்ணில் படாது. படாவிட்டாலும் போகும்.

போன பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஜிமெயிலில் அனுப்பியதை நிறுத்த அதிகபட்சம் 30 வினாடிதான் கிடைக்கும், அதுவும் அமைப்பில் போய் மாற்றி வைத்திருந்தால். அவுட்லுக்கில் திரும்பப் பெறும் வசதி ஒரே நிறுவனத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான் வேலை செய்யும். வெளியாளுக்குப் போனது போனதுதான்.

வாலை வெட்டிவிட்டு ரிப்ளை ஆல் கொடுக்கலாமே என்று கேட்கலாம். வெட்டலாம். ஆனால் அடுத்து பதில் எழுதுகிற ஆறு பேரில் யாராவது பழைய மெயிலைத் திறந்து, “அவரையும் சேர்க்கிறேன்” என்று முகவரியைப் போட்டுவிட்டால் வால் திரும்ப வந்துவிடும். என் மெயிலைத்தான் நான் வெட்ட முடியும். வெளியாள் படிக்கக் கூடாத ஒரு வரி இருந்தாலும் அந்தத் தொடரைத் தொடக்கூடாது என்பது என் தீர்மானம்.

ஆகவே புது மெயில், புதுத் தலைப்பு: “பழைய பில்லிங் தரவு: நிலைப் பத்தியில் 9 என்பது பற்றி”. ஆறு பேரும் வேண்டாம். வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவுத் தலைவி, அந்தப் பொறியாளர், எங்கள் தரவுத்தள நிர்வாகி, நான். அனுப்ப வேண்டியதும் நான் இல்லை. கணக்குப் பிரிவுத் தலைவிக்கு அந்த நிறுவனத்தைத் தெரியும், எனக்குத் தெரியாது. ஒரு வரைவை எழுதித் தனியாக அனுப்பி, “மேடம், இது நீங்கள் அனுப்பினால் பொருத்தமாக இருக்கும்” என்றேன். பின்னணி மூன்று வாக்கியம்தான்: பழைய பில்களை எடுத்து வைக்கிறோம், கோப்பில் இந்தப் பத்தி இருக்கிறது, 37 பில்களில் 9 வருகிறது. அந்த வரிகள் மட்டும் உள்ள மாதிரிக் கோப்பை இணைத்தோம். தேதி, கிளை எழுத்து, எண் மோதல் எதையும் சொல்லவில்லை. கேள்விக்குப் பதில் சொல்லப் பொறியாளருக்கு அவை தேவையில்லை.

இந்த வழிக்கு விலை உண்டு. பேச்சு இரண்டு இடத்தில் நடக்கும். அங்கே கிடைத்த பதிலை இங்கே கொண்டுவந்து எழுத ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், இல்லையென்றால் பழைய தொடர் பதில் தெரியாமலே காத்துக்கொண்டிருக்கும். அதனால் எங்கள் ஆளையே சேர்ப்பதற்கெல்லாம் புது மெயில் தொடங்க மாட்டேன். தொடர் மிக நீண்டு, பேசும் பொருளே மாறிவிட்டது என்றால் மட்டும் அதையும் யோசிக்கலாம். ஜிமெயில் எப்படியும் தலைப்பு மாறினாலோ 100 மெயிலைத் தாண்டினாலோ உரையாடலைத் தனியாகப் பிரித்துவிடும்.

நான் தேர்ந்தெடுக்கும் முறை

அன்றிலிருந்து யாரைச் சேர்ப்பதற்கு முன்பும் கடைசி மெயிலின் வாலை அடி வரைக்கும் ஒருமுறை படிக்கிறேன். படிக்கும்போது மனதில் ஒரே கேள்வி: இதில் ஒவ்வொரு வரியையும் இவர் படிக்கலாமா? ஒரு வரி கூடாது என்றாலும் புது மெயில். எல்லாம் படிக்கலாம் என்றால், இவர் எல்லாரோடும் பேச வேண்டியவரா என்று பார்க்கிறேன். ஆம் என்றால் சுருக்கத்தோடு ரிப்ளை ஆல், முதல் நாள் ஒரு ஃபார்வர்டோடு. என்னோடு மட்டும் பேசினால் போதும் என்றால் ஃபார்வர்டோடு முடித்துக்கொள்கிறேன். நான்கு வழியில் என் கை அடிக்கடி போவது சுருக்கத்தோடு ரிப்ளை ஆலுக்குத்தான். ஒற்றை வரிக்குப் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை.

பொறியாளரின் பதில் மறுநாள் வந்தது. ரத்து செய்துவிட்டு வேறு எண்ணில் திரும்பப் போட்ட பில்லுக்கு 9 என்று அவர்கள் மென்பொருள் எழுதுமாம். அதைப் பழைய தொடரில் நான்கு வரியில் எழுதி, அந்த 37 பில்களின் பட்டியலை இணைத்து, ரத்தான பில்களை என்ன செய்வது என்று கேட்டேன். கணக்குப் பிரிவுத் தலைவி, அவற்றையும் மாற்றிவிடுங்கள், ரத்தானது என்ற குறிப்போடு, என்று எழுதினார். அனுப்புவதற்கு முன் பெறுநர் பட்டியலைப் பார்த்திருக்கிறார், தரவுத்தள நிர்வாகியின் பெயர் அதில் முதலாவதாக இருந்தது.